முதல் ஆள் எடுக்காவிட்டால் இரண்டாவது போன் எப்போது அடிக்க வேண்டும்? பட்டணத்துக் கிளினிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

நம் பட்டணத்துக் கடைவரிசைகளில் கிளினிக்கும் மருந்தகமும் நடத்தும் டாக்டர்களுக்கும், மருந்தாளர்களுக்கும், கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எழுதுவது நாங்கள்தான். உங்கள் கடைகளுக்கு ஒயர் இழுப்பவர்கள், எச்சரிக்கைப் பெட்டி பொருத்துபவர்கள், அந்தப் பெட்டி கத்த வேண்டிய நேரத்தில் கத்தாவிட்டால் திட்டு வாங்குபவர்கள்.

தடுப்பூசியும் இன்சுலினும் வைக்கும் ஃபிரிட்ஜுக்கு இப்போது பல கிளினிக்குகளில் எச்சரிக்கைப் பெட்டி இருக்கிறது. கரண்டு போனால், சூடு ஏறினால், போன் அடிக்கும். நல்லது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. அநேகமாக அது டாக்டரின் எண், இல்லாவிட்டால் கடையைத் திறந்து மூடும் அக்காவின் எண். அந்த ஒருவர் எடுக்காவிட்டால் பிறகு என்ன என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. குறித்த நேரத்துக்குள் முதல் ஆள் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லாவிட்டால், பெட்டி யாரையும் கேட்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். அதற்கு உங்கள் ஒப்புதலும், உங்களிடமிருந்து சில விவரங்களும் தேவை.

முதலில் நம் ஊரில் நடக்கக்கூடியது எது என்று பார்ப்போம். சனிக்கிழமை சாயங்காலம். கிளினிக் மூடிவிட்டது, இனி திங்கள் காலைதான். செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து மழை கட்டிக்கொண்டு வருகிறது, பக்கத்தில் எங்கேயோ இடி விழுகிறது. உங்கள் சுவிட்ச் போர்டில், கரண்டு கசிந்தால் துண்டித்துவிடும் ஈஎல்சிபி சுவிட்ச் ட்ரிப் ஆகிவிடுகிறது. டிஎன்பி மின்நிறுவனத்தின் கரண்டு நிற்கவில்லை. தெருவிளக்கு எரிகிறது, பக்கத்து மளிகைக் கடையில் வெளிச்சம் இருக்கிறது. அவர்களின் 15454 புகார் எண்ணுக்குப் போன் போட்டாலும் பயன் இல்லை, அவர்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. இழுத்துச் சாத்திய ஷட்டருக்குப் பின்னால் உங்கள் ஃபிரிட்ஜ் மட்டும் நின்றுபோயிருக்கிறது. சாவியுள்ள ஒருவர் வந்து அந்தச் சுவிட்சை மேலே தள்ளும்வரை அது அப்படியேதான் இருக்கும். எனவே பெட்டியின் வேலை வெறுமனே செய்தி அனுப்புவது அல்ல, வரக்கூடிய ஓர் ஆளைப் பிடிப்பது.

அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? இதைத்தான் யாரும் அளந்து பார்ப்பதில்லை. மருந்துகள் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கரண்டு நின்றபின் உங்கள் ஃபிரிட்ஜ் 8 பாகையைத் தொட எத்தனை நிமிடம் ஆகும் என்பது அதன் பெட்டி அளவு, கதவு ரப்பர், உள்ளே இருக்கும் சரக்கு, அறையின் சூடு எல்லாவற்றையும் பொறுத்தது. கையேட்டில் தேடாதீர்கள். மருந்துகளை வேறொரு நல்ல ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, அதே அளவுக்குத் தண்ணீர்ப் போத்தல்களை உள்ளே வையுங்கள். அவை குளிர்ந்து நிலைக்க ஒரு நாள் விடுங்கள். பிறகு வெயில் ஏறிய நேரத்தில், ஏர்கான் இல்லாமல், பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பமானியின் முனை வெறும் காற்றில் தொங்கக் கூடாது, ஒரு சிறிய போத்தல் கிளைகோலில் முங்கியிருக்க வேண்டும். காற்றின் சூடு சட்டென்று ஏறி இறங்கும். மருந்துக் குப்பியின் சூட்டை ஓரளவு ஒத்துப்போவது திரவத்தில் இருக்கும் முனைதான்.

கணக்குக்காக 90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையது 60 ஆக இருக்கலாம், 150 ஆகவும் இருக்கலாம். அந்த எண்ணை நீங்கள் எங்களிடம் தந்தால்தான் நாங்கள் பெட்டியில் நிமிடங்களைப் போட முடியும்.

இப்போது 90-ஐச் செலவு செய்து பார்ப்போம். கரண்டு ஒரு நொடி போய் வந்தாலே போன் அடித்தால் எல்லாரும் வெறுத்துப்போவார்கள், அதனால் 5 நிமிடம் தொடர்ந்து இல்லாவிட்டால்தான் பெட்டி கூப்பிடும். பின்னால் இருந்து வருவோம். ஆள் தோட்டத்து வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துசேர, மழையையும் சேர்த்து, 25 நிமிடம். ஷட்டரைத் திறந்து போர்டைப் பார்த்துச் சுவிட்சைத் தள்ள 10 நிமிடம். தள்ளியும் நிற்காமல் திரும்ப விழுந்தால் மருந்துகளைக் குளிர்ப்பெட்டிக்கு மாற்ற 20 நிமிடம். ஆக ஆள் கிடைத்த பிறகு தேவைப்படுவது 55 நிமிடம். 90-இல் 5-உம் 55-உம் போனால் மிச்சம் 30. ஓர் ஆளைத் தேடிப் பிடிக்க உங்களிடம் இருப்பது அந்த 30 நிமிடம்தான்.

பட்டியலில் மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு 8 நிமிடம். 24 நிமிடத்தில் மூவரையும் முயன்றாகிவிடும், 6 நிமிடம் கையில் இருக்கும். கரண்டு நின்ற கணத்திலிருந்து எண்ணினால் 5-ஆவது நிமிடம் முதல் ஆள், 13-ஆவது நிமிடம் இரண்டாவது ஆள், 21-ஆவது நிமிடம் மூன்றாவது ஆள். மூன்றாவது ஆள் கடைசி நொடியில், 29-ஆவது நிமிடத்தில் ஏற்றுக்கொண்டால்கூட 84-ஆவது நிமிடத்தில் மருந்து பத்திரமாகிவிடும்.

இந்தக் கணக்கைப் போடாமல் பெட்டியோடு வரும் எண்ணையே விட்டுவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. கணினித் துறையில் ராத்திரி ஆளை எழுப்புவதற்கென்றே இருக்கும் பேஜர்டியூட்டி என்ற சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மாற்றாவிட்டால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் அது 30 நிமிடம் விடும். சர்வர்களுக்கு அது பொருந்தலாம். மேலே சொன்ன கிளினிக்கில் அப்படியே வைத்தால் இரண்டாவது ஆளுக்கே 35-ஆவது நிமிடத்தில்தான் போன் போகும், அதோடு 55-ஐக் கூட்டினால் சரியாக 90. அவர் முதல் மணியிலேயே எடுத்தால் உண்டு, மூன்றாவது ஆள் இருந்தும் பயன் இல்லை. மறுபக்கம், ஊருக்கு வெளியே இருக்கும் மூடிய கோழிக் கொட்டகைகளில் காற்றாடி நின்றால் சில நிமிடங்களிலேயே கோழிகள் மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும். அங்கே 8 நிமிடம் காத்திருப்பதே பைத்தியக்காரத்தனம், மூவரையும் ஒரே நேரத்தில் எழுப்ப வேண்டும். இதில் எல்லாருக்கும் பொதுவான நிமிடம் என்று ஒன்று கிடையாது.

ஃபிரிட்ஜின் நேரத்தைக் கூட்டவும் வழி உண்டு. உள்ளே சும்மா கிடக்கும் இடத்தை, முக்கியமாகக் கதவையும் அடித்தட்டையும், தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்புங்கள். குளிர்ந்த தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுவதும் ஆளைத் தேடும் கணக்கில் வந்து சேரும். காசில்லாமல் கிடைப்பது இது ஒன்றுதான்.

சரி, அந்த 8 நிமிடத்துக்குள் என்ன நடக்க வேண்டும்? தொடக்கத்தில் ஒரு எஸ்எம்எஸும் ஒரு போன் அழைப்பும். எடுக்காவிட்டால் 2 நிமிடம் கழித்து அதே எண்ணிலிருந்து மறுபடியும் அழைப்பு. 5-ஆவது நிமிடம் இன்னொன்று. 8-இல் அடுத்த ஆள். இரண்டாவது அழைப்பை 2 நிமிடத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பில் போனைப் போட்டுத் தூங்குபவர்கள் நிறைய. ஐபோனில், மீண்டும் வரும் அழைப்பை அனுமதி என்பதைத் திறந்து வைத்திருந்தால், ஒரே எண் 3 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை கூப்பிடும்போது மணி அடிக்கும். ஆண்ட்ராய்டில் அந்த அவகாசம் 15 நிமிடம். 2 நிமிட இடைவெளி இரண்டுக்கும் பொருந்தும். 4 நிமிடம் என்று வைத்தீர்களானால் ஐபோன்காரர் காலைவரை தூங்குவார்.

ஆனால் இது தொந்தரவு செய்யாதே அமைப்பை மட்டும்தான் தாண்டும். கோயிலில் உட்காரும்போது போனை முழுக்க மௌனமாக்கியிருந்தால் எத்தனை முறை அடித்தாலும் சத்தம் வராது. ஐபோனில் அந்த ஓர் எண்ணின் ரிங்டோன் பக்கத்தில் அவசர விலக்கு என்ற ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் மௌனத்தையும் மீறிச் சத்தம் வரும். ஆண்ட்ராய்டில் நட்சத்திரமிட்ட எண்கள் தொந்தரவு செய்யாதே அமைப்பைத் தாண்டும், மௌனத்தைத் தாண்டுவது போனுக்குப் போன் மாறுகிறது. மௌனத்தில் இருப்பவர் எடுக்கப்போவதில்லை என்று வைத்துக்கொண்டே அடுத்த படியை அமையுங்கள். அவரைத் திருத்திப் பயன் இல்லை.

இன்னொன்று, தெரியாத எண். அதிகாரி போலப் போனில் பேசிப் பணம் பறிக்கும் மக்காவ் மோசடிக்குப் பயந்து இப்போது யாரும் தெரியாத எண்ணை எடுப்பதில்லை, எடுக்க வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நாம்தான். எனவே பெட்டியின் எண்ணை மூவர் போனிலும் 'ஃபிரிட்ஜ் அபாயம்' என்று பெயரிட்டுச் சேமித்து, அதற்கென்று தனி ரிங்டோன் போட வேண்டும். சிம் மாற்றினால் அன்றே மூவர் போனிலும் எண்ணை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட இடங்களில் பெட்டி சரியாகக் கூப்பிடும், ஆட்கள் சரியாக அறுத்துவிடுவார்கள்.

அடுத்தது 'ஏற்றுக்கொண்டேன்' என்பதற்கு எது சாட்சி என்ற கேள்வி. இங்கேதான் மலிவான பெட்டிகள் ஏமாற்றும். பட்டியலில் ஆறு எண் போடலாம், ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடும் என்று அட்டையில் எழுதியிருக்கும். அதில் சில, அழைப்பு இணைந்துவிட்டால் ஆள் எடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளும். போன் அணைந்திருக்கிறது, அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது, வாய்ஸ்மெயில் 'எடுக்கிறது'. பெட்டி தன் செய்தியை அந்தப் பதிவுக் குரலிடம் சொல்லிவிட்டு, கடமை முடிந்தது என்று நிறுத்திக்கொள்ளும். இரண்டாவது ஆளுக்கு மணியே அடிக்காது. பாதித் தூக்கத்தில் போனைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பவரையும் அது ஏற்றவராகத்தான் கணக்கில் வைக்கும்.

ஆகவே ஆள் 1-ஐ அழுத்தினால்தான் ஏற்பு. அழுத்தாவிட்டால், அழைப்பு இணைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், நேரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வர முடியாதவர் 2-ஐ அழுத்தினால் 8 நிமிடம் காத்திருக்காமல் உடனே அடுத்தவருக்குப் போக வேண்டும். கோலாலம்பூரில் கல்யாணத்தில் இருப்பவர் அந்த 2-ஐ அழுத்துவதால் மட்டும் ஐந்தாறு நிமிடம் மிச்சமாகும். உங்கள் பெட்டியில் இந்த வசதி இல்லாவிட்டால் நாங்கள் சொல்வது ஒன்றுதான், பெட்டியை மாற்றுங்கள். வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள். அதுவரை, மூவர் எண்ணிலும் வாய்ஸ்மெயிலை நிறுத்தி வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறீர்கள். போதாது. பத்துப் பேருக்கு ஒரே செய்தி போனால், வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேரும் நினைப்பார்கள். இரண்டு நீலக் குறி விழுந்தால் அந்தத் திரை திறந்தது என்று மட்டும்தான் அர்த்தம், ஆள் கிளம்பினார் என்று அல்ல. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று செயலியைத் தூங்கவைக்கும் போன்களில் செய்தி காலையில்தான் வந்து விழும். தகவலுக்காகக் குழுவிலும் போடுங்கள், அதை ஏற்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்றுக்கொண்டவர் வராமல் போவதும் உண்டு. 1-ஐ அழுத்திவிட்டு மறுபடியும் கண் அயர்ந்தவர், மழை விடட்டும் என்று நிற்பவர், வண்டி கிளம்பாமல் உதைத்துக்கொண்டிருப்பவர். ஒருவர் ஏற்றவுடன் பெட்டி மற்றவர்களை விட்டுவிடுவதால், இது யாருமே எடுக்காததைவிட மோசம். அதனால் ஏற்ற 15 நிமிடத்தில், கரண்டு இன்னும் வரவில்லை என்றால், பெட்டி அவரையே கூப்பிட்டு 'கிளம்பிவிட்டால் 1' என்று கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் அந்தக் கணமே அடுத்த ஆள். முதல் ஆள் 13-ஆவது நிமிடத்தில் ஏற்றார் என்றால் 28-இல் அடுத்தவருக்கு மணி அடிக்கும். அவர் 7 நிமிடத்துக்குள் எடுத்தால் 55-ஐக் கூட்டினாலும் 90-ஐத் தாண்டாது. இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மூன்றாவது ஆள் 29-இல் ஏற்றுவிட்டுப் பின்வாங்கினால் அதைச் சரிசெய்ய நேரம் இல்லை. கடைசி ஆளாக இருப்பவர் 1-ஐ அழுத்தும்போது செருப்பு காலில் இருக்க வேண்டும் என்று அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

இனி இரண்டாவது ஆள் யார் என்பது. எங்களுக்கும் உங்களுக்கும் வாக்குவாதம் வருவது இதில்தான். கிளினிக் உதவியாளருக்கு அடுத்து டாக்டர், டாக்டருக்கு அடுத்து முதலாளி என்று பதவி வரிசையில் எழுதித் தருகிறீர்கள். பெட்டிக்குப் பதவி தெரியாது. அது தேடுவது சாவியும், அருகாமையும், போர்டு எங்கே இருக்கிறது என்ற அறிவும் உள்ள ஆளை. கிள்ளானில் இருக்கும் முதலாளி ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தாலும், அவர் செய்யக்கூடியது இன்னொருவருக்குப் போன் போடுவதுதான். மாடியில் குடியிருக்கும் தையல்கடைக்காரர் ஒத்துக்கொண்டால், அவர் கையில் ஒரு சாவியும், போர்டின் ஒரு படமும், எந்தச் சுவிட்ச் என்று சிவப்பு டேப்பும் இருந்தால், அவர் முதலாளியைவிட நல்ல இரண்டாவது ஆள். மருந்து இருக்கும் இடத்தில் வெளியாள் நுழையலாமா என்பது நியாயமான கேள்வி. போர்டும் மருந்து அறையும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருந்தால் அவருக்குப் போர்டுப் பக்கத்துச் சாவி மட்டும் போதும், மருந்தை மாற்ற வேண்டி வந்தால் உங்கள் ஆள் வந்துதான் தீர வேண்டும்.

முதல் ஆளும் இரண்டாவது ஆளும் ஒரே காரணத்தால் ஒன்றாகக் கைநழுவக் கூடாது. கணவன் மனைவியைப் போடாதீர்கள், இரண்டு போனும் ஒரே மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். தைப்பூசத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் பத்துமலை போகிறவர்களையும் போடாதீர்கள். ஒரே நிறுவனத்தின் லைன் இருவருக்கும் வேண்டாம். நம் பக்கத்து டவர் விழுந்தால் இருவரும் சேர்ந்தே காணாமல் போவார்கள். செல்கோம் ஒன்று, டிஜி ஒன்று என்று வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், அந்த இரண்டு நிறுவனமும் 2022 இறுதியிலேயே இணைந்துவிட்டன, அதை இரண்டாகக் கணக்கிட முடியாது. மூவரில் ஒருவராவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரில் இருக்கும் மலாய்க்கார அல்லது சீன நண்பராக இருந்தால் பண்டிகை நாளில் கைகொடுக்கும். நோன்புப் பெருநாளுக்கு அதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தவருக்குப் போவதைப் பற்றி ஒரு மனத்தாங்கல் இருப்பதும் எங்களுக்குத் தெரியும். டாக்டரை ராத்திரியில் எழுப்பலாமா என்று பிள்ளைகள் தயங்குவார்கள், தாமே சமாளித்துவிடலாம் என்று இருபது நிமிடத்தைத் தொலைப்பார்கள். இரண்டாவது ஆளுக்கு மணி அடித்துவிட்டால், பெட்டி தன்னைப் போட்டுக்கொடுத்துவிட்டது என்று முதல் ஆள் நினைப்பார். அதனால்தான் இதை மனிதர் கையில் விடாமல் நேரத்தின் கையில் விடச் சொல்கிறோம். குளித்துக்கொண்டிருந்தார், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் 'ஏன் எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை அவர் தூக்கத்திலேயே 1-ஐ அழுத்தப் பழகிவிடுவார், அது இன்னும் ஆபத்து. ஆனால் மாதத்துக்கு மாதம் இரண்டாவது ஆள்தான் எடுக்கிறார் என்றால் வரிசையை மாற்றிப் போடுங்கள்.

பெட்டியே செத்துப்போனால் என்ன செய்வது? எச்சரிக்கைப் பெட்டியும் ஃபிரிட்ஜும் ஒரே ஈஎல்சிபியில் இருந்து, பெட்டிக்குள் பேட்டரி இல்லாவிட்டால், இரண்டும் ஒன்றாகவே அணையும். வைஃபையில் ஓடும் சின்ன உணர்கருவிகளுக்கும் இதே கதை, கருவியில் பேட்டரி இருந்தாலும் ரூட்டர் நின்றுவிட்டால் செய்தி வெளியே போகாது. யாருக்கும் எச்சரிக்கை வராது, எல்லாம் நலம் என்பது போலவே இருக்கும். பேட்டரியும் சிம்மும் உள்ள பெட்டியை வாங்குங்கள். அதோடு, பெட்டி 5 நிமிடத்துக்கு ஒருமுறை கடைக்கு வெளியே உள்ள ஒரு சேவைக்கு 'இருக்கிறேன்' என்று தட்டிவிட்டு வரும்படி அமைக்கலாம். இரண்டு தட்டு தொடர்ந்து வராவிட்டால் அந்தச் சேவையே மூவர் வரிசையைத் தொடங்க வேண்டும். அப்போது முதல் அழைப்பு 5-ஆவது நிமிடத்துக்குப் பதில் 10-ஆவது நிமிடத்தில் போகும், முன்போல 6 நிமிடம் கையில் இருக்க வேண்டுமானால் ஆளுக்கு 8 என்பதை 6 ஆக்க வேண்டியிருக்கும். அதற்கும் கீழே இறங்க நாங்கள் விரும்புவதில்லை, மூன்று அழைப்புக்கு இடம் இருக்காது.

சிம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது. பெட்டிக்குள் இருப்பது ப்ரீபெய்ட் சிம். அது யாரையும் கூப்பிடாமல் மாதக்கணக்கில் சும்மா இருக்கும், அதற்குள் செல்லுபடி முடிந்துபோகும். பெட்டியில் பச்சை விளக்கு எரியும், ஆனால் அழைப்பு வெளியே போகாது. டாப்-அப் செய்த தேதியையும் முடியும் தேதியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியின்மேலேயே ஒட்டுங்கள். 3ஜி சேவை 2021 இறுதியோடு மலேசியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன்னால் வாங்கிய பெட்டி என்றால் அது எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சூட்டு எச்சரிக்கையையும் கரண்டு எச்சரிக்கையையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். கரண்டு எச்சரிக்கை சீக்கிரம் வரும். சூட்டு எச்சரிக்கையை 8 பாகையில் வைத்தால் அது வரும்போதே நேரம் முடிந்திருக்கும். கம்ப்ரஸர் பழுதாகிக் கரண்டு இருந்தும் சூடேறும்போது அது ஒன்றுதான் துணை, எனவே அதை 7 பாகையில், 15 நிமிடம் தொடர்ந்தால் என்று வையுங்கள். ஊசி எடுக்கக் கதவைத் திறந்து மூடுவதற்கெல்லாம் அது கத்தாது. உள்ளே தொங்கும் பதிவுக் கருவியில் வேறு ஒரு அலாரம் இருக்கும். சில கருவிகளில் அது 8 பாகைக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தால்தான் வரும். அது மருந்தின் நிலையைப் பிறகு மதிப்பிடுவதற்காக வைத்தது, ஆளை எழுப்புவதற்காக அல்ல.

இரண்டாவது, மூன்றாவது ஆளாக இருப்பவருக்கு மருந்தை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், கற்றுத்தர வேண்டியது முக்கியமாக ஒன்று. ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே குளிர்ப்பெட்டியில் ஊசி மருந்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஹெப்படைட்டிஸ் பி போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும், இன்சுலினும் அப்படியே. பேக்கை வெளியே வைத்து, காதருகில் ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டதும்தான் வைக்கலாம். பதற்றத்தில் வந்தவர் சூட்டிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று உறையவைத்துவிடக் கூடாது. அந்தக் குலுங்கலுக்கு நேரம் பிடிக்கும், உங்கள் பேக்குக்கு எவ்வளவு என்று ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். நாங்கள் போட்ட 20 நிமிடத்துக்குள் அடங்காவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், 55 என்ற எண்ணே மாற வேண்டும்.

கரண்டு தானாகத் திரும்பி வந்தால் பெட்டி அதையும் சொல்ல வேண்டும், வழியில் இருக்கும் இரண்டாவது ஆளுக்கும் சேர்த்து. ஆனால் 'சரியாகிவிட்டது' என்ற செய்தியோடு காரியம் முடிந்துவிடவில்லை. சூடு 8-ஐத் தாண்டியிருந்தால் அந்த மருந்துகளைக் குளிரிலேயே தனியாக ஒதுக்கி, 'பயன்படுத்தாதே' என்று எழுதி ஒட்டி, எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு என்ற பதிவோடு தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். நீங்களாகவே தூக்கி எறியவும் வேண்டாம், நீங்களாகவே ஊசி போடவும் வேண்டாம்.

சோதனை எப்படிச் செய்வது என்றால், முதல் ஆள் எடுக்கிறாரா என்று பார்ப்பது சோதனையே இல்லை. மாதம் ஒருமுறை முதல் ஆளின் போனை அணைத்து வைத்துவிட்டு எச்சரிக்கைப் பெட்டியின் கரண்டு பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபிரிட்ஜின் பிளக்கைத் தொட வேண்டியதில்லை. 13-ஆவது நிமிடம் இரண்டாவது ஆளுக்கு மணி அடிக்கிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். அடிக்காவிட்டால் பெரும்பாலும் வாய்ஸ்மெயில்தான் காரணம். அடுத்த மாதம் முதல் இருவரின் போனையும் அணையுங்கள். இரண்டாவது ஆள் 1-ஐ அழுத்தியபின் பதில் சொல்லாமல் இருந்து, 15-ஆவது நிமிடத்தில் மூன்றாவது ஆளுக்குப் போகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். மூவரும் எடுக்காவிட்டால் பெட்டி ஓய்ந்துவிடக் கூடாது. மறுபடியும் முதலிலிருந்து, இந்த முறை மூவரையும் ஒரே நேரத்தில், யாராவது 1-ஐ அழுத்தும்வரை கூப்பிட வேண்டும்.

எங்களை வரச்சொல்லும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: உங்கள் ஃபிரிட்ஜ் 8 பாகையைத் தொட்ட நிமிடம், மூவரின் எண்களும் அவை எந்த நிறுவனத்து லைன் என்பதும், ஒவ்வொருவரும் மழை நாளில் கடைக்கு வந்துசேர ஆகும் நேரம், யாரிடம் எந்தச் சாவி இருக்கிறது என்பது. மூவரும் அன்று நேரில் வந்தால், போர்டைத் திறந்து ஈஎல்சிபியைக் கீழே தட்டிவிட்டு, ஒவ்வொருவரையும் தன் கையாலேயே ஒருமுறை மேலே தள்ளச் சொல்வோம். பாதி தூரம் மட்டும் தள்ளி விடுபவர்களுக்கு அது நிற்காது, முதலில் முழுக்கக் கீழே அழுத்திவிட்டுப் பிறகு மேலே தள்ள வேண்டும். அப்படியும் விழுந்தால் மூன்றாவது முறை முயல வேண்டாம். மருந்தை மாற்றிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டணத்து ஒயர்மேன்களும் எச்சரிக்கைக் கருவி டெக்னிஷியன்களும்